உப்புக்காற்றில் ஒரு பைக்

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாசலில் தகரக் கூரை போட்டு அதன் கீழே பைக்கை நிறுத்துகிறார் ஒருவர். எதிர்வீட்டுக்காரருக்குக் கூரை இல்லை. அவர் பைக் மழையிலும் வெயிலிலும் தெருவிலேயே நிற்கிறது. எந்த பைக்கில் முதலில் துரு ஏறும் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் தெருவில் நிற்பதைத்தான் காட்டுவார்கள். கடற்கரை ஊர்களில் பல சமயம் நடப்பது நேர்மாறு. வெயிலில் தெரு பைக்கின் பெயின்ட் வெளுத்துப் போகலாம். ஆனால் போல்ட்டும் ஸ்டாண்டும் சைலன்சரின் அடிவயிறும் கூரைக்கடியில் நிற்கும் பைக்கில்தான் சீக்கிரம் பழுப்பேறும்.

கூரை மழையைத் தடுக்கிறது, உப்புக்காற்றைத் தடுப்பதில்லை. தெரு பைக்கில் ஒட்டிய உப்பை அவ்வப்போது மழை கழுவிவிடுகிறது. கூரை பைக்கில் அது ஒட்டியது ஒட்டியபடியே கிடக்கிறது. ஒரே வண்டிக்குள்ளும் இதே கணக்குத்தான். மழை படும் டேங்க் பளபளவென்று இருக்கும். மழை எட்டாத மட்கார்டின் உட்பக்கமும் இன்ஜினுக்குப் பின்புறமும் அரித்துக்கொண்டிருக்கும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று தூக்கிவருகிறது. கனமான துளிகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடும். அதனால்தான் கடற்கரைச் சாலையிலும் அதையடுத்த தெருக்களிலும் சேதம் அதிகம். ஊருக்குள் போகப் போக வேகமாகக் குறைகிறது. துளியிலுள்ள தண்ணீர் காய்ந்தாலும் உப்பு இரும்பின் மேல் தங்கிவிடும். அது சும்மாவும் இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசத்துப் போவது இதனால்தான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். நம் கடற்கரைகளில் காற்று அவ்வளவு காய்ந்து போகும் நாள் அபூர்வம். ஆகவே தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் போல்ட்டின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஈரம் ஒன்று இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் கடல் காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் என்ற விசேஷ பெயின்ட்டும் தேவைப்பட்டன. பைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு வாளித் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி.

பைக்கை அடிக்கடி கழுவ வேண்டும் என்பது கடற்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கழுவுவது பெரும்பாலும் போர் தண்ணீரில். கரையோரக் கிணறுகளில் அதுவே உப்புத் தண்ணீர். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. வாயில் வைக்க முடியாத போர் தண்ணீர் இந்த 2000-ஐத் தாண்டியதாகத்தான் இருக்கும். உங்கள் தண்ணீரில் 3000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்ததும் வண்டியின் மேலும் இடுக்குகளிலும் 200 மில்லி தண்ணீர் தங்குகிறது. அது காயும்போது 0.6 கிராம் உப்பை விட்டுப்போகும். அதுவும் தண்ணீர் தேங்கும் இடங்களில், அதாவது போல்ட் தலைகளிலும் செயின் இணைப்புகளிலும், குவித்துவிட்டுப் போகும். 300 மில்லிகிராம் உள்ள நல்ல தண்ணீர் என்றால் விட்டுப்போவது இதில் பத்தில் ஒரு பங்கு.

அதற்காக முழு வண்டியையும் குடிநீரில் குளிப்பாட்டச் சொல்லவில்லை. தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்திருக்கும் தெருவில் அது நடக்காது. மண்ணையும் சேற்றையும் போர் தண்ணீரில் போக்கலாம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். அதற்குப் பூவாளியில் ஒரு வாளி போதும். வீட்டில் ஏசி இருந்தால் அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் வருகிறது. வீணாகிறதே என்று அதைப் பிடித்து பைக் கழுவுகிறவர்கள் நிறைய. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கழுவும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சைலன்சர் கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும். முதலில் சோப்பும் துணியும் வேண்டாம். வெறும் தண்ணீரை மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். உப்பு கரைய அது போதும், ஒட்டியிருக்கும் மணலும் இறங்கிவிடும். மணல் இருக்கும்போதே துணியால் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். நாம் வழக்கமாக டேங்கையும் ஹெட்லைட்டையும்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். கடற்கரையில் குனிந்து கழுவ வேண்டும். மட்கார்டின் உட்பக்கம், ஸ்டாண்டும் அதன் ஸ்பிரிங்கும், ஸ்விங் ஆர்மின் அடிப்பகுதி, சைலன்சரின் கீழ்ப்புறம், இவையெல்லாம் மழை எட்டாத இடங்கள். மேலே ஒரு பங்கு தண்ணீர் என்றால் கீழே இரண்டு பங்கு போகட்டும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும். செயின், சக்கர பேரிங், சைலன்சர் வாய் ஆகியவற்றின் மேல் பிரஷர் துப்பாக்கியை நேராகப் பிடிக்கக் கூடாது. அந்த வேகத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும், கிரீஸ் வெளியே வந்துவிடும். இரண்டாவது, கடைசியில் மினுமினுப்புக்காக டீசல் அடிக்கும் பழக்கம். டீசல் துருவைத் தடுக்கிறது என்று சொல்வார்கள். சில நாளைக்குத் தடுக்கலாம். பிறகு அதன் மேல் புழுதியும் மணலும் அப்பிக்கொண்டு, உப்பையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். ரப்பரைக் கெடுக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கழுவியதும் மூடி வைக்காமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். காற்றும் இன்ஜின் சூடும் சேர்ந்து, துணி போகாத இடுக்கையும் உலர்த்திவிடும். கிளம்பியதும் மெதுவாக ஒன்றிரண்டு முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க்கில் லேசாக ஆரஞ்சு நிறம் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பிடிப்பிலேயே அது போய்விடும். ஈரமான வண்டியைப் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது மட்டும் கூடவே கூடாது.

இனி செயின். மண்டபத்தில் குடியிருந்து, பாலம் தாண்டி ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு 125 சிசி பைக்கை எடுத்துக்கொள்வோம். போகவர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 240. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விடுவது பொதுவான வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த வண்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆனால் இந்த வண்டி தினம் இரண்டு முறை கடலுக்கு நடுவே போகிறது; நின்றாலும் உப்புக்காற்றில்தான் நிற்கிறது. இங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது, நாள் கணக்குத்தான். வாரம் ஒருமுறை, கழுவும் நாளன்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுவி, ஓட்டி, காயவைத்து டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் செயினைத் துடைக்கப்போய் விரல் நுனியை ஸ்ப்ராக்கெட்டில் பறிகொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய எண்ணெயில் மணல் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ துடைத்தெடுங்கள். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். ஓ-ரிங் உள்ள செயினில் இரண்டுமே ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு 90 எண் கியர் ஆயிலோ, செயினுக்கென்று வரும் ஸ்ப்ரேயோ, கீழ் ஓட்டத்தின் உட்பக்கத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட் பல் படும் பக்கத்தில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே விடுங்கள். ஓட்டிவந்த சூட்டில் செயின் இருந்தால் எண்ணெய் இணைப்புக்குள் சுலபமாக இறங்கும். இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் மேலே வழிந்திருப்பதை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். கடற்கரையில் இந்தக் கடைசி வேலை முக்கியம். சொட்டச் சொட்ட எண்ணெய் இருந்தால் பறக்கும் மணல் அதில் ஒட்டி, செயினையும் பல்லையும் அரைக்கும். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவதும் இதே காரணத்தால் தப்பு. எரிந்த மிச்சமும் உலோகத் துகளும் அதில் கிடக்கின்றன.

செயினில் துருவைப் பார்த்தாலே மாற்றச் சொல்வார்கள். அது தேவையில்லை. வெளித்தகட்டில் மேலாகப் படர்ந்த பழுப்பு அசிங்கம்தானே தவிர ஆபத்து இல்லை. தகடுகள் சந்திக்கும் இடுக்கைக் கிட்டப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு ஆரஞ்சுப் பொடி அங்கிருந்து கசிந்து, துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினால் மறுபடியும் அதே இடத்தில் வந்தால், அந்த இணைப்புக்குள் எண்ணெய் போய் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். சக்கரத்தைச் சுற்றும்போது அந்த இணைப்பு மட்டும் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வரும்போது நிமிராமல் மடங்கியே வரும். செயின் ஒரு இடத்தில் விறைப்பாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். இந்தக் கட்டத்தில் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். முழு மூடி போட்ட செயின் உள்ள வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூடி மணலைத் தடுக்கும், உண்மை. ஆனால் உள்ளே போன ஈரமும் லேசில் வெளியே வராது. மூடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றி, மாதம் ஒருமுறையாவது உள்ளே பாருங்கள்.

நட்டு போல்ட் விஷயம் வேறு மாதிரி. செயினைப் போல வாரா வாரம் கேட்காது. கேட்கும்போது கழற்றவே விடாது. பைக்கின் இரும்பு போல்ட்டுகளில் பெரும்பாலானவை துத்தநாக முலாம் பூசியவை. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அதனால் முதலில் தெரிவது துரு அல்ல, வெள்ளைப் பொடி. நம்பர் பிளேட் போல்ட்டிலோ கண்ணாடித் தண்டின் நட்டிலோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை தெரிந்தால் முலாம் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய கிரீஸ் தடவினால் அது இன்னும் பல காலம் தாங்கும். சிவப்பு வந்துவிட்டால் முலாம் முடிந்தது. அந்த ஒரு போல்ட்டை மாற்றிவிடுவது நல்லது.

சீக்கிரம் கெடுவது ஆலன் போல்ட். அதன் தலையிலுள்ள அறுகோணக் குழி மேல்நோக்கி இருந்தால் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் அதில் தங்கிக் காயும்; மறுநாள் இன்னொரு சொட்டு. குழியின் ஓரங்கள் அரித்து உருண்டையாகிவிட்டால் ஆலன் கீ வழுக்கும், பிறகு போல்ட்டைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். குழியைத் துடைத்துவிட்டு கிரீஸால் நிரப்பி வைத்தால் இந்த வம்பே இல்லை. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போல்ட் துருப்பிடிக்காது என்பது ஓரளவு சரி. கடல் ஓரத்தில் சாதாரண 304 வகையிலும் தேநீர்க் கறைபோல் பழுப்பு படியும், 316 வகை மேல். சிக்கல் அது இறங்கும் இடத்தில் இருக்கிறது. இன்ஜின் கவரும் ஹெட்டும் அலுமினியம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிறது, அதில் கரைவது அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மரைக்குள் உப்பிப் போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பலங்கொண்டு திருகினால் போல்ட்டோடு மரையும் வந்துவிடும். ஆகவே எந்த போல்ட்டைப் போட்டாலும் மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டோ, சூடு ஏறாத இடமாக இருந்தால் சாதாரண கிரீஸோ, மெல்லிசாகத் தடவிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வழவழப்பான மரை சுலபமாகச் சுற்றும் என்பதால் வழக்கமான பலத்தில் இறுக்கினாலே கூடுதலாக இறுகிவிடும். கையைக் கொஞ்சம் அடக்கித் திருக வேண்டும்.

சைலன்சருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. வெளியே, சூடான பெண்ட் பைப்பில் விழும் உப்புத் தண்ணீர் உடனே ஆவியாகி உப்பை மட்டும் அங்கேயே பதித்துவிடுகிறது. குரோம் முலாமில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியே இரும்புக்குப் போகும். குண்டூசித் தலை அளவுப் பழுப்புப் புள்ளிகள் முதலில் கீழ்ப்பக்கத்தில் தெரியும். கறுப்பு பெயின்ட் அடித்த சைலன்சராக இருந்தால் பெயின்ட் கொப்புளிக்கும். இதன் மேல் நேராகப் புது பெயின்ட் அடிப்பதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், சில மாதத்தில் மறுபடி கொப்புளிக்கிறது. துருவின் நுண்துளைகளில் உப்பு ஒளிந்திருப்பதுதான் காரணம். எமரித் தாளால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டுச் சூட்டில் காயவைத்து, ஆறிய பிறகு 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். இந்த பெயின்ட் வெறுமனே காய்ந்தால் கெட்டிப்படாது. டப்பாவில் சொல்லியிருக்கிற நேரம் விட்டுவிட்டு, இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி ஆறவிட்டு, மறுபடி சூடேற்ற வேண்டும். சைலன்சரில் எண்ணெயோ கிரீஸோ தடவுவதில் பயனில்லை, புகைந்து கறையாகும்.

உள்ளேயிருந்து வரும் துருவுக்கு கடலைக் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ராமேஸ்வரம் போய்வரும் நம் பைக்கில் சைலன்சர் முழுக்கச் சூடாகிவிடும், ஆவி ஆவியாகவே போய்விடும். அதே பைக்கை முக்குக் கடைக்குப் பால் வாங்க மட்டும் எடுத்தால் சைலன்சரின் பின்பாதி சூடாவதற்குள் வீடு வந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்கும். எரிபுகையின் அமிலத்தோடு சேர்ந்து அது உள்ளேயிருந்து தகட்டைத் தின்கிறது. வெளியே பளபளக்கும் சைலன்சரில் ஒருநாள் திடீரென்று ஓட்டை விழுவதும், சத்தம் கரகரப்பதும் இதனால்தான். குட்டிப் பயணம் மட்டுமே போகும் வண்டியை வாரத்தில் ஒருநாளாவது இருபது நிமிடம் ஓட்டுங்கள். பல சைலன்சர்களின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தேங்கிய தண்ணீர் வடிவதற்காக வைத்தது அது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

தனுஷ்கோடியில் அலைக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுத்தவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் போதாது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அன்றைக்கே முழுக்கக் கழுவி, அந்த வாரத்துக்குள் சக்கரங்களைக் கழற்றி ஆக்சில், பேரிங், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மெக்கானிக் பார்த்தாக வேண்டும்.

புது பைக் எடுத்திருக்கும் கடலோரத்துக்காரர்கள் முதல் சர்வீசுக்கு விடும்போதே மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, பெண்ட் பைப் ஹெட்டுல சேர்ற ரெண்டு நட்டையும் ஒருதரம் கழட்டி, காப்பர் பேஸ்ட் தடவிப் போட்டுருங்க. ஆக்சிலுக்கும் செயின் அட்ஜஸ்டருக்கும் கிரீஸ் வச்சிருங்க." வண்டியில் மிக அதிகமாகச் சூடாகும் நட்டு அந்த இரண்டும்தான், முதலில் இறுகி ஒட்டிக்கொள்வதும் அவைதான். இன்றைக்குச் சில நிமிடத்தில் கழன்றுவரும். மூன்று வருடம் கழித்தால் ஸ்டட் ஒடிந்து, இன்ஜின் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.